ஒரு ஊசியா, மூன்று ஊசியா: சிபிலிஸ் சிகிச்சையின் நாள் கணக்கு

ஒரு கர்ப்பிணிப் பெண்ணை வைத்துத் தொடங்குவோம். உண்மையில் நடந்தது அல்ல, விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம். வயது 29, முதல் கர்ப்பம், 14 வாரம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில், பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோயைத் தேடும் இரண்டு சோதனைகளில், ஆர்.பி.ஆர். 1:32 என்றும் டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ் என்றும் வந்திருக்கிறது. உடம்பில் புண்ணோ தடிப்போ எதுவும் இல்லை, எப்போதாவது இருந்ததாக நினைவும் இல்லை. மருத்துவர் பென்சிலின் ஊசி என்று சொன்னதும் அவர் சொல்கிறார்: “எனக்கு பென்சிலின் ஒத்துக்காது, சின்ன வயசுலயே அலர்ஜின்னு அம்மா சொல்லியிருக்காங்க.” கணவருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அவருக்கு ஆர்.பி.ஆர். 1:4, டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ். நான்கு வருடங்களுக்கு முன்பு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் வந்து, ஏதோ சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டதாகவும், தானாகவே மறைந்துவிட்டதாகவும் சொல்கிறார்.

எத்தனை ஊசி, எத்தனை நாள் இடைவெளி, எப்போது மறுபடி ரத்தம் எடுப்பது, அலர்ஜி என்று சொன்னால் என்ன செய்வது ஆகிய நான்கு கேள்விகளும் இந்த இருவரிடம் வந்து நிற்கின்றன. பதில்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன: இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது.

குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். சிபிலிஸை உண்டாக்கும் ட்ரெபோனிமா பாலிடம் என்ற சுருள் வடிவக் கிருமிக்கு அதற்கு ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகிறது. பென்சிலினோ, கிருமி தன் சுவரைக் கட்டும் வேளையில்தான் அதைக் கொல்லும். சும்மா கிடக்கும் கிருமியை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆகவே ரத்தத்தில் மருந்தின் அளவு மிகக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒரு வாரம் பத்து நாளாவது அறுபடாமல் இருக்க வேண்டும். 1943-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனி முதல் நான்கு நோயாளிகளுக்கு பென்சிலின் கொடுத்தபோது 25,000 யூனிட் வீதம் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவும் பகலுமாக 8 நாள் போட்டார். ஒருவருக்கு 48 ஊசி. சாதாரண பென்சிலின் சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதால் அவருக்கு வேறு வழி இல்லை.

பென்சத்தைன் பென்சிலின் அந்த 48 ஊசியை ஒன்றாகச் சுருக்கியது. இது எளிதில் கரையாத உப்பு. தசைக்குள் போட்டால் அங்கேயே படிந்து, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலக்கும். 24 லட்சம் யூனிட் ஒரு முறை போட்டால், கிருமியைக் கொல்லப் போதுமான அளவு இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நிற்கிறது.

கரையாத மருந்து என்பதால்தான் அந்த ஊசி அப்படி வலிக்கிறது. பார்ப்பதற்குப் பால் போல வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். மெல்லிய ஊசியில் ஏற்றினால் நடுவிலேயே அடைத்துக்கொள்ளும், அதனால் பருத்த ஊசி வேண்டும். முழு அளவையும் ஒரே இடத்தில் போடாமல் பெரும்பாலும் இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதியாக, ஆழமாக, மெதுவாகச் செலுத்துவார்கள். ரத்தக்குழாயில் இது ஏறவே கூடாது, ஏறினால் இதயம் நின்றுபோகக்கூடும். வலியைக் குறைக்க, பொடியை லிக்னோகெய்ன் கலந்த நீரில் கரைத்துப் போடும் வழக்கமும் உண்டு. வலியிலும் பயத்திலும் சிலர் அங்கேயே மயங்கிச் சாய்வார்கள். “பென்சிலின் அலர்ஜி” என்று சீட்டில் ஏறிவிடும் பல சம்பவங்களுக்குப் பின்னால் இருப்பது இந்த மயக்கம்தான்.

சரி, ஒரு ஊசியா மூன்றா? அது நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொற்று ஏற்பட்டு சுமார் 3 வாரத்தில் (10 முதல் 90 நாள் வரை ஆகலாம்) கிருமி நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். விளிம்பு கெட்டியாக, பெரும்பாலும் வலியே இல்லாமல் இருக்கும். பிறப்புறுப்பின் உள்ளேயோ ஆசனவாயிலோ வாயிலோ இருந்தால் கண்ணிலேயே படாது. மருந்தே போடாவிட்டாலும் சில வாரத்தில் ஆறிவிடும். ஆறியது புண்தானே தவிர நோய் அல்ல. அடுத்த சில வாரங்களில், சில மாதங்களில் கிருமி உடல் முழுக்கப் பரவி இரண்டாம் கட்டம் வரும்: உடம்பிலும் உள்ளங்கை, உள்ளங்காலிலும் அரிப்பு அதிகம் இல்லாத தடிப்பு, நெறிகட்டுதல், காய்ச்சல், ஆங்காங்கே முடி கொட்டுதல். அதுவும் தானாகவே அடங்கும். இந்தக் கணவர் சோப்பு என்று நினைத்தது இந்தக் கட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வருவது மறைநிலை. வெளியே ஒன்றும் தெரியாது, ரத்தத்தில் மட்டும் தெரியும். பல ஆண்டுகள் இப்படியே போகலாம். சிகிச்சை இல்லாதவர்களில் ஒரு பகுதியினருக்கு 10, 20, 30 ஆண்டு கழித்து மகாதமனி, எலும்பு, தோல், மூளை ஆகியவை பாதிக்கப்படும். மறைநிலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். தொற்று ஏற்பட்டு 1 ஆண்டுக்குள் என்று உறுதியாகத் தெரிந்தால் முன்மறைநிலை, அதற்கு மேல் என்றால் பின்மறைநிலை. இது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கோடு. உலக சுகாதார நிறுவனம் அதே கோட்டை 2 ஆண்டில் போடுகிறது. எப்போது தொற்றியது என்றே தெரியாவிட்டால் இரண்டு முறையிலும் பின்மறைநிலையாகவே வைத்துக்கொள்வார்கள்.

புண் கட்டம், தடிப்புக் கட்டம், முன்மறைநிலை மூன்றுக்கும் 24 லட்சம் யூனிட் ஒரே ஊசி போதும். பின்மறைநிலைக்கும் காலம் தெரியாத தொற்றுக்கும் வாரம் ஒன்று வீதம் மூன்று ஊசி, மொத்தம் 72 லட்சம் யூனிட். நாள்பட்ட தொற்றில் கிருமி இன்னும் மெதுவாகப் பெருகும், எனவே மருந்து இன்னும் நீண்ட காலம் நிற்க வேண்டும் என்பதே இதன் பின்னால் இருக்கும் எண்ணம். 1:32 என்ற எண்ணைப் பார்த்து “அதிகமாக இருக்கிறது, அதனால் மூன்று” என்றும், 1:4-ஐப் பார்த்து “லேசாகத்தான் இருக்கிறது, ஒன்று போதும்” என்றும் சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஊசியின் எண்ணிக்கையை நோயின் காலம்தான் தீர்மானிக்கிறது, டைட்டர் எனப்படும் இந்த எண் அல்ல. நமது தம்பதியில் கணவருக்கு நான்கு ஆண்டுக் கதை இருக்கிறது. மனைவிக்கு எப்போது வந்தது என்று சொல்ல முந்தைய பரிசோதனை எதுவும் இல்லை. ஆக இருவருக்கும் மூன்று மூன்று.

ஊசிக்கு முன்பு கேட்க மறக்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. பார்வை மங்குகிறதா, கண் சிவந்து வலிக்கிறதா, திடீரென்று காது கேட்பது குறைந்ததா, காதில் இரைச்சலா, தீராத தலைவலியா, நடை தள்ளாடுகிறதா? கிருமி நரம்புக்கும் கண்ணுக்கும் காதுக்கும் எந்தக் கட்டத்திலும் போகலாம், கடைசிக் கட்டம் வரை காத்திருக்காது. அங்கே பென்சத்தைன் பென்சிலின் போதிய அளவில் எட்டாது. அதற்கு மருத்துவமனையில் சேர்த்து, சாதாரண பென்சிலினை ரத்தக்குழாய் வழியாக நாளொன்றுக்கு 180 முதல் 240 லட்சம் யூனிட் வரை, 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும். இந்த இருவருக்கும் அப்படி ஒன்றும் இல்லை.

இனி அலர்ஜிக்கு வருவோம். பென்சிலின் அலர்ஜி என்று சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் முறையாகச் சோதித்தால் அலர்ஜி இருப்பதில்லை. சிறுவயதில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தபோது அந்தக் காய்ச்சலை உண்டாக்கிய வைரஸாலேயே தடிப்பு வந்திருக்கும், பழி மருந்தின் மேல் விழுந்திருக்கும். உண்மையாகவே அலர்ஜி இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு 10 ஆண்டில் அது மறைந்துவிடுகிறது. ஆகவே “அலர்ஜி உண்டா” என்ற கேள்விக்கு “ஆமாம்” என்று பதில் வந்ததும் பேனாவை எடுத்து எழுதிவிடக் கூடாது. என்ன மருந்து, எத்தனை வயதில், போட்டு எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது, மருத்துவமனையில் சேர்த்தார்களா, அதற்குப் பிறகு பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எப்போதாவது சாப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி சில நேரம் மொத்தக் குழப்பத்தையும் ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடும். பல் வலிக்கு அமாக்சிசிலின் முழு கோர்ஸ் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் பென்சிலின் பயத்துக்கு அநேகமாக இடமில்லை.

பென்-ஃபாஸ்ட் என்ற சிறிய கணக்கு இதற்கு உதவுகிறது. எதிர்வினை வந்து 5 ஆண்டுக்குள் என்றால் 2 புள்ளி. மூச்சடைப்பு, ரத்த அழுத்தம் சரிவது போன்ற அனஃபிலாக்சிஸ், முகம் வீங்குவது அல்லது தோல் உரியும் கடுமையான எதிர்வினை என்றால் 2 புள்ளி. அதற்குச் சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் 1 புள்ளி. மொத்தம் 3-க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. நம் பெண் அம்மாவுக்கு போன் செய்து கேட்கிறார். ஐந்து வயதில், ஏதோ சிரப் குடித்த மூன்றாம் நாள் உடம்பில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்தன, இரண்டு நாளில் போய்விட்டன, மருத்துவமனைக்குப் போகவில்லை. கணக்கு பூஜ்ஜியம். அவசர மருந்துகள் கையில் இருக்கும் இடத்தில், மருத்துவர் கண்காணிப்பில் ஒரு வேளை அமாக்சிசிலின் கொடுத்து ஒரு மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாகச் சீட்டில் தொடர்ந்து வந்த சொல் அன்றைக்கு அடிக்கப்படுகிறது. இதைக் கட்டாயம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிரசவ வார்டில் மறுபடி அதே கதை தொடங்கும்.

அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், கர்ப்பத்தில் பென்சிலினுக்கு மாற்றே இல்லை என்பது. தாய்க்கு மட்டும் அல்ல, நஞ்சுக்கொடியைத் தாண்டி கருவுக்கும் சிகிச்சை போக வேண்டும். டாக்சிசைக்ளின் கருவின் எலும்பையும் பற்களையும் பாதிக்கக்கூடியது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் குழந்தையைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. செஃப்ட்ரியாக்சோனைக் கர்ப்பத்தில் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை. உண்மையாகவே அலர்ஜி என்று தெரியவந்தாலும் கர்ப்பிணிக்கு பென்சிலின்தான், ஆனால் முதலில் உடலைப் பழக்க வேண்டும். 1985-ல் வெளியான ஒரு முறையில் 100 யூனிட்டில் தொடங்கி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டே 14 வேளை பென்சிலினை வாய்வழியே கொடுக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்குள் உடல் மருந்தை ஏற்கத் தொடங்கிவிடும், அப்புறம் ஊசி. மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. பழக்கம் மருந்து உடலில் இருக்கும் வரைதான், அதன் பிறகு அலர்ஜி திரும்பிவிடும். முன்பு தோல் உரியும் வகை எதிர்வினை வந்தவர்களுக்கு இதைச் செய்யவே கூடாது.

கர்ப்பிணி அல்லாதவருக்கு நிலைமை இவ்வளவு இறுக்கம் இல்லை. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை: முற்பட்ட கட்டங்களுக்கு 14 நாள், பின்மறைநிலைக்கு 28 நாள். நல்ல மருந்துதான். ஆனால் 28 நாள் என்றால் 56 மாத்திரை. பத்து நாளில் வயிறு எரிகிறது என்று நிறுத்திவிட்டால் மெதுவாகப் பெருகும் கிருமி அப்படியே தப்பிவிடும், வெளியே எந்த அறிகுறியும் காட்டாது. ஊசியில் அந்தப் பொறுப்பை மருந்தே எடுத்துக்கொள்கிறது. முற்பட்ட கட்டங்களுக்கு செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் தினமும் 10 நாள் என்பது இன்னொரு வழி. பென்சிலின் அலர்ஜி உள்ளவருக்கு இது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் என்றாலும், முன்பு அனஃபிலாக்சிஸ் வந்தவருக்கு யோசித்தே கொடுக்க வேண்டும். ஒரே வேளை மாத்திரை என்பதால் அசித்ரோமைசினைக் கேட்பவர்கள் உண்டு. அதை எதிர்த்து நிற்கும் கிருமி பல நாடுகளில் பரவிவிட்டதால் அதை நம்பி இறங்கக் கூடாது.

முதல் ஊசி போட்ட அன்று மாலை கணவருக்குக் குளிர் காய்ச்சல், தலைவலி, உடம்பு முறிக்கிறது. “ஊசி ஒத்துக்கலை” என்று வீட்டில் பேச்சு வருகிறது. இது பெரும்பாலும் யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை. கிருமிகள் கொத்தாக மடியும்போது வெளிவரும் பொருள்களுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு. தடிப்புக் கட்டத்தில் அதிகம், மறைநிலையில் குறைவு. சில மணி நேரத்தில் தொடங்கி 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், பாராசிட்டமால் போதும். உடனடி அலர்ஜி வேறு மாதிரி: பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், தோலில் திட்டுத் திட்டாகத் தடித்து அரிக்கும், உதடு வீங்கும், மூச்சு இழுக்கும், தலை சுற்றும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காகத்தான். காய்ச்சலை அலர்ஜி என்று எண்ணி இரண்டாம் ஊசிக்கு வராமல் போவதுதான் உண்மையான ஆபத்து. கர்ப்பத்தின் பிற்பாதியில் மட்டும் இந்தக் காய்ச்சலோடு வயிறு இறுகினாலோ குழந்தை அசைவது குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாம் ஊசி 7-ம் நாள். அந்த வாரம் ஏதோ வேலை, இருவரும் 12-ம் நாள்தான் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்குப் பிரச்சினை இல்லை. கர்ப்பிணி அல்லாதவருக்கு 10 முதல் 14 நாள் வரையிலான இடைவெளியை ஏற்கலாம், வரிசையை அப்படியே தொடரலாம். மனைவிக்கு எல்லை 9 நாள். அதைத் தாண்டிவிட்டதால் இன்று போடுவது இரண்டாம் ஊசி அல்ல, புதிய வரிசையின் முதல் ஊசி. இருவரும் தவறவிட்டது ஒரே நாளைத்தான், ஆனாலும் கணவருக்கு மொத்தம் மூன்று, மனைவிக்கு நான்கு. கேட்க அநியாயமாகத் தெரியும். ஆனால் கருவைக் காக்கும் மருந்தளவு இடையில் அறுந்துபோனதா என்று வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அதனால் கர்ப்பிணியின் மூன்று தேதிகளையும் முதல் நாளே எழுதிக் கொடுத்து, வரவில்லை என்றால் மறுநாளே அழைக்கும் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருந்து வேலை செய்ததா என்பதை ஆர்.பி.ஆர். சொல்லும். டி.பி.எச்.ஏ. சொல்லாது. அது இந்தக் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைக் காட்டுவது, ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க அப்படியேதான் இருக்கும். ஆர்.பி.ஆர். நோயின் வேகத்தோடு ஏறி இறங்கும். சீரத்தை 2 மடங்கு, 4 மடங்கு, 8 மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், வெள்ளை அட்டையில் கரித்துகள் கலந்த திரவத்தோடு சேர்ப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் கரித்துகள் கறுப்புக் கட்டிகளாகத் திரளும், கண்ணாலேயே பார்க்கலாம். கட்டி கடைசியாகத் தெரிந்த நீர்ப்பு 32 மடங்கு என்றால் 1:32. அதைப் படிப்பவரைப் பொறுத்து ஒரு படி முன்பின் ஆகலாம். அதனால் 1:32, 1:16 ஆனால் முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. இரண்டு படி, அதாவது நான்கு மடங்கு இறங்கி 1:8 ஆனால்தான் கணக்கு. ஒப்பிட வேண்டுமானால் அதே பரிசோதனை, முடிந்தால் அதே ஆய்வகம். இன்று ஆர்.பி.ஆர்., அடுத்த முறை வி.டி.ஆர்.எல். என்று மாற்றினால் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. முதல் ஊசி போடும் அன்றே ஒரு முறை ரத்தம் எடுப்பதும் இதற்காகத்தான், அதுதான் தொடக்கப் புள்ளி.

முதல், இரண்டாம் கட்டம் என்றால் 6, 12 மாதத்தில் பார்ப்பார்கள். மறைநிலை என்றால் 6, 12, 24 மாதம். எச்.ஐ.வி. இருந்தால் இன்னும் அடிக்கடி, எனவே இருவருக்கும் அந்தப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பத்தில், 24 வாரத்துக்கு முன்பே சிகிச்சை முடிந்திருந்தால், முடிந்து 8 வாரத்துக்குள் அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. 32-ம் வாரத்தை ஒட்டி ஒன்று, பிரசவத்தின்போது ஒன்று. நம் பெண்ணுக்கு 32-ம் வாரத்தில் 1:16. அவர் கலங்கிப்போகிறார். ஆனால் பிரசவத்துக்குள் நான்கு மடங்கு இறங்காமல் இருப்பது சாதாரணம், அது சிகிச்சை தோற்றதற்கு அடையாளம் அல்ல. பிரசவத்தில் 1:8. குழந்தையின் ரத்தத்தில் 1:4, அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாக இருக்கலாம். குழந்தையின் எண் தாயுடையதைவிட நான்கு மடங்கு அதிகமாக இருந்திருந்தால் கதை வேறு. தாயிடமிருந்து வந்தது என்றால் 6 மாதத்துக்குள் மறைந்துவிட வேண்டும், அதையும் பார்த்து உறுதி செய்வார்கள்.

கணவருக்கு 1:4 என்பது 6-ம் மாதம் 1:2, ஓராண்டில் 1:2, இரண்டாம் ஆண்டு மறுபடி 1:4. “ஏன் இன்னும் போகவில்லை, இன்னொரு கோர்ஸ் போடலாமா?” என்று கேட்கிறார். நாள்பட்ட நோயில் தாழ்ந்த எண்ணோடு தொடங்கியவர்களுக்கு இப்படி ஒரே மட்டத்தில் நின்றுவிடுவது பழக்கமான காட்சி. 1:2-க்கும் 1:4-க்கும் இடையே இருப்பது ஒரே படி, அது அட்டையைப் படிப்பதில் வரும் வித்தியாசமாகவே இருக்கலாம். மேலும் மேலும் பென்சிலின் போட்டு அதை நெகட்டிவ் ஆக்க முயல்வதில் பயனில்லை. எப்போது கவலைப்பட வேண்டும்? 1:2-ல் நின்ற எண் 1:8 அல்லது அதற்கு மேல் போய், இரண்டு வாரம் கழித்து எடுத்தாலும் அங்கேயே நின்றால். அது பெரும்பாலும் புதிய தொற்று, ஏனென்றால் ஒருமுறை வந்து குணமானது மறுமுறை வராமல் காக்காது. புதிய தொற்றுக்கு வாய்ப்பே இல்லை என்றாலோ, மனைவியைப் போல 1:32-ல் தொடங்கிய எண் 24 மாதம் ஆகியும் நான்கு மடங்கு இறங்கவில்லை என்றாலோ, நரம்பில் தொற்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க முதுகுத்தண்டு நீரைச் சோதிப்பதைப் பற்றிப் பேச்சு வரும்.

கணவருக்கு அந்த இரண்டும் இல்லை. கையிலிருக்கும் நான்கு ரிப்போர்ட்டையும் ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறார் மருத்துவர். இனி எப்போதாவது வேறு ஊரில், வேறு மருத்துவர் ஆர்.பி.ஆர். எடுத்து 1:4 என்று பார்த்தால், அது பழைய 1:4 என்று காட்ட அவரிடம் இருக்கப்போவது அந்த உறைதான்.